ஜமக்காளப் பைக்கு ஆறு வரிக் குறிப்பு

பவானி ஜமக்காளத் துணியில் நான் தைக்கும் தோள்பையின் படத்துக்குக் கீழே போடுகிற குறிப்பு கடைசியில் ஆறு வரியில் வந்து நின்றது. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இப்போது விலையையும், எப்போது கிடைக்கும் என்பதையும்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு பெருசுங்க?", "சாயம் போகுமுங்களா?", "வாஷிங் மெஷின்ல போடலாமுங்களா?" என்பதெல்லாம் நின்றுவிட்டது. அந்த ஆறு வரிக்காக மேசையில் என்னென்ன அளந்தேன், எதை நனைத்தேன், எதை எழுதி எதை அடித்தேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் இருந்த குறிப்பு இப்படி: "பாரம்பரியம் மிக்க ஜமக்காளத்தில் கையால் செய்யப்பட்ட அழகிய பை. 15 × 14 இஞ்ச். எல்லாப் பொருளும் வைக்கலாம். நீடித்து உழைக்கும். அலுவலகம், கல்லூரி, கடைவீதி எல்லாவற்றுக்கும் ஏற்றது. பயன்படுத்தும் முன் பராமரிப்பு முறைகளைக் கேட்டுக்கொள்ளவும்." அளவு அதிலேயே இருந்தும் அளவைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். 15 எது, 14 எது, பையின் அடி எவ்வளவு என்று அதில் இல்லை. பராமரிப்பைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்ததால் அதையும் கேட்டார்கள். அழகு, பாரம்பரியம் இரண்டையும் யாரும் கேட்கவில்லை. அவை படத்திலேயே தெரிகின்றன.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். படம் சொல்லிவிடுவதை எழுத வேண்டாம். படம் சொல்ல முடியாததை அளந்து, சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

அளவிலிருந்து தொடங்கினேன். 60 செ.மீ. எஃகு அடிக்கோல் ஒன்று 120 ரூபாய்க்கு வாங்கினேன். தையல் மெஷின் பக்கத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை அதன்மேல் நீட்டி வைத்துப் பார்த்தால், பழைய டேப் சில மில்லிமீட்டர் இழுபட்டிருந்தது. துணி வெட்ட அது பெரிய குற்றமில்லை. இரண்டு துண்டும் ஒரே டேப்பில்தானே வெட்டுகிறோம். வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கு அது ஆகாது. அதற்கு எஃகுக் கோல்தான்.

பையை எதுவும் வைக்காமல் தட்டையாகப் போட்டேன். வாய் ஓரம் தையலுக்குத் தையல் 38 செ.மீ. இது வரைக்கும் சுலபம். சிக்கல் அடியில் இருக்கிறது. இந்தப் பை பெட்டி மூலை வைத்துத் தைத்தது. பக்கத் தையலையும் அடித் தையலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலையை முக்கோணமாக்கி, 10 செ.மீ. நீளத்துக்குக் குறுக்கே ஒரு தையல் போட்டால் அடி விரிந்து நிற்கும். அப்படிச் செய்யும்போது வாய் அகலம் மாறாது. அடி நீளம் மட்டும் 10 செ.மீ. குறைந்து 28 ஆகிவிடும். உயரமும் அந்த 10 செ.மீ.-இல் பாதியை விட்டுக்கொடுக்கும். தட்டையாக 40 செ.மீ. இருந்த பை, நிற்கும்போது 35 செ.மீ. தான். ஆக ஒரே பைக்கு 38-ம் உண்மை, 28-ம் உண்மை. 40-ம் உண்மை, 35-ம் உண்மை. எதைச் சொல்கிறோம் என்று பெயர் வைத்துச் சொல்லாவிட்டால் எண் இருந்தும் பயனில்லை. வாய் அகலம், நிற்கும் உயரம், அடி என்று மூன்றையும் பெயரோடு எழுதுவது என்று முடிவானது.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, லேப்டாப் போகுமுங்களா?" என்று கேட்டாள். 38 செ.மீ. வாய் இருக்கிறதே, போகும் என்று சொல்லத்தான் நாக்கு வரும். வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி. 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. அந்த லேப்டாப்பின் உடம்பு ஏறத்தாழ 36 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம் இருக்கும். என் பையின் வாயில் ஜிப் திறக்கிற இடம் 33 செ.மீ. தான்; இரண்டு பக்கமும் ஜிப் முனை தையலுக்குள் போயிருக்கிறது. படுக்கை வாட்டில் 36 செ.மீ. அதற்குள் நுழையாது. நெட்டு வாட்டில் இறக்கினால் 24 செ.மீ. நன்றாக நுழையும், அடியிலும் உட்காரும். ஆனால் 36 செ.மீ. உயரத்துக்கு நின்று, 35 செ.மீ. பையின் ஜிப்பை மூட விடாது. எப்படிப் பார்த்தாலும் போகாது. ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ.; அதை வைக்கும் ஃபைல் கொஞ்சம் பெரிது. அது நெட்டு வாட்டில் நின்று, ஜிப்பும் மூடியது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல வரி: ஏ4 ஃபைல் நிற்கும், 15.6 அங்குல லேப்டாப் போகாது. ஜிப் திறப்பு 33 என்று ஓர் எண்ணைக் கூடுதலாக எழுதியிருந்தால் படிக்கிறவர்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை நாமே போட்டு விடையை எழுதிவிட்டால் ஓர் எண் குறைகிறது. போகாததையும் சேர்த்துச் சொல்வதால் பை திரும்பி வருவதும் குறைகிறது.

செ.மீ. எழுதுவதா இஞ்ச் எழுதுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். எங்கள் பக்கம் தையல்காரர் வாயில் இஞ்ச்தான் வரும். நானும் இஞ்ச்சில்தான் வெட்டுகிறேன். இரண்டையும் எழுதினால் நான்கு எண் எட்டு எண்ணாகிறது, அடைப்புக்குறியும் சேர்ந்து வரி நிறைந்துவிடுகிறது. 38 செ.மீ. என்பது 15 இஞ்ச்சுக்குச் சரியாக வருகிறது, 35 செ.மீ. 13¾ இஞ்ச் என்று பின்னத்தில் இழுக்கிறது. செ.மீ. மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். செ.மீ. மனக்கண்ணில் வராதவர்களுக்கு ஏ4 ஃபைல் இருக்கிறது.

கைப்பிடியில் நாடாவின் முழு நீளத்தை எழுதுவது வீண். தோளில் மாட்டினால் அக்குளில் இடிக்குமா என்பதுதான் வாங்குகிறவரின் கேள்வி. கைப்பிடியின் நடுவை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு, ஆணியிலிருந்து பையின் வாய்வரை அளந்தால் அந்த இறக்கம் கிடைக்கும். எனக்கு 26 செ.மீ. வந்தது. சேலைமேலும் சுடிதார்மேலும் தோளில் மாட்டிப் பார்த்தேன், கை தாராளமாக நுழைகிறது.

அடுத்தது பொருள். "ஜமக்காளம்" என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் புரியும் என்றுதான் நினைப்போம். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அந்தப் பெயரைப் போட்டால் துணி பவானிப் பகுதியில் கைத்தறியில் நெய்ததாக இருக்க வேண்டும். விசைத்தறியில் நெய்து அதே பட்டை, அதே நிறத்தில் வருகிற துணியும் சந்தையில் கிடக்கிறது, விலையும் குறைவு. அதில் தைத்த பைக்கு இந்தப் பெயரை வைப்பது, குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்கிறவரின் கூலியில் கை வைப்பது. நான் துணி எடுப்பது தறிக்காரரின் வீட்டிலேயே என்பதால் இந்தப் பெயரைத் தயங்காமல் எழுதுகிறேன். கடையில் மீட்டர் கணக்கில் எடுப்பவர்கள், எங்கே நெய்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் "பட்டைபோட்ட பருத்தித் துணி" என்று எழுதிவிடுவது நேர்மை.

பருத்திதானா என்று பார்க்க, நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஒரு நூலும் குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து நிறத்துக்கு ஒரு நூலும் உருவி, இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினேன். காகிதம் எரிந்த வாசம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகிற சாம்பல் மிஞ்சினால் பஞ்சு. உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழை. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஆர்ட் சில்க் என்று சொல்லும் ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, அதுவும் பஞ்சைப் போலவே எரியும். விளக்கை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தறிக்கார அண்ணனிடம்தான் கேட்டேன். "இது பட்டை ஜமக்காளம் அம்மிணி, பாவும் ஊடையும் பஞ்சு நூலேதான். கரையில பூ வேலை இருந்தாத்தான் ஆர்ட் சில்க் வரும்" என்றார். என் பைத் துணியில் பூக்கரை இல்லை. எழுதலாம்: பருத்தி.

"கையால் செய்தது" என்பதை எடுத்துவிட்டேன். துணி கைத்தறி, தையல் மெஷின். ஜமக்காளம் நான்கு மடிப்பாகச் சேருகிற கைப்பிடி இடத்தில் 18-ம் நம்பர் ஊசி போட்டு மெஷினில் தைத்தால்தான் பிடிப்பு நிற்கிறது. இதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. எது கை, எது மெஷின் என்று பிரித்துச் சொன்னால் நெய்தவருக்கும் தைத்தவருக்கும் உரியது போய்ச்சேரும். ஜிப் நைலான், நாடா பருத்தி என்றெல்லாம் முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஜிப்பைப் படத்திலேயே பார்க்கலாம். உள்துணி மட்டும் வெளியே தெரியாது. அதற்கு ஒரு சொல் கொடுத்தேன்.

பராமரிப்பு வரிதான் அதிக வேலை வாங்கியது. துவைத்தால் சுருங்குமா என்று தெரிய, மிச்சத் துணியில் பாவு வாட்டிலும் ஊடை வாட்டிலும் 40 செ.மீ. குறித்து, ஓரத்தைப் பிரியாமல் தைத்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு மறுபடி அளந்தேன். பாவு வாட்டில் 38.8 வந்தது, அதாவது நூற்றுக்கு மூன்று. ஊடை வாட்டில் அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டு நிற்பது. தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு தளர்ந்து நூல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நான் பாவு வாட்டை உயரத்துக்கு வைத்து வெட்டுவதால், இந்தப் பை முதல் துவைப்பில் ஒரு சென்டிமீட்டர் குட்டையாகும்.

உள்துணிக்கு வைக்கும் காடாவில் இதைவிடப் பெரிய வேறுபாடு. வெளுக்காத துணி, கஞ்சி அப்படியே இருக்கிறது. அதே 40 செ.மீ. குறி 37.5-க்கு வந்துவிட்டது. வெளித்துணி ஒரு பங்கு சுருங்க உள்துணி இரண்டு பங்கு சுருங்கினால், காடா உள்ளேயிருந்து இழுத்துப் பையின் வாய் ஓரம் முழுக்கச் சுருக்கம் விழும். துவைத்த பைகளில் வாய் அலையலையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "துவைத்தால் உயரம் 1 செ.மீ. குறையலாம், உள்துணி சற்றுச் சுருங்கலாம்." உண்மைதான். ஆனால் வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. நான் செய்ய முடியும். வெட்டுவதற்கு முன்பே ஜமக்காளத்தையும் காடாவையும் தனித்தனி வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து, காடாவைக் கஞ்சி போக இரண்டு தண்ணீர் அலசி, நிழலில் காய வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினேன். கனமான துணி என்பதால் ஐப்பசி மழையில் நன்றாகக் காய மூன்று நாள்கூட ஆகும், அரைகுறை ஈரத்தில் மடித்தால் முக்கல் நாற்றம் பிடித்துக்கொள்ளும். துணியும் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. அந்தக் காசை விலையில் சேர்த்துக்கொண்டேன். சுருக்கத்தைப் பற்றிய வரி குறிப்பிலிருந்து தானாக விழுந்தது. 38, 28, 35 எல்லாம் நனைத்த துணியில் தைத்த பையின் அளவு, துவைத்த பிறகும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

சாயத்தில் அப்படி விழவைக்க முடியவில்லை. சோதனை எளிது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, சிவப்புப் பட்டையின்மேல் ஒரே இடத்தில் பத்து முறை தேய்க்க வேண்டும். உலர்ந்த துணியால் ஒரு தடவை, நனைத்த துணியால் ஒரு தடவை, நிறத்துக்கு நிறம் வேறு துண்டு. உலர்ந்ததில் எதுவும் ஒட்டவில்லை. நனைத்ததில் மஞ்சள் ஒட்டவில்லை, கருநீலம் லேசான நிழல், சிவப்பு தெளிவான இளஞ்சிவப்பு. ஊறவைத்து அலசிய துணியிலும் சிவப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரு துண்டை அப்படியும் ஊறவைத்துத் தேய்த்தேன், அதே இளஞ்சிவப்பு. சில வகைச் சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புப் போடுவது நூலுக்குள் சாயத்தைத் தள்ளுவதற்காக. ஏறி முடிந்த பிறகு மேலே ஒட்டிநிற்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது, அலசி அலசித்தான் போகும்.

ஆகவே சாயத்துக்கு வரி வேண்டும். எந்த வரி? "சாயம் போகலாம்" என்றால் பயமுறுத்துகிறதே ஒழிய வழி சொல்லவில்லை. வாங்குகிறவருக்கு எங்கே நட்டம் வரும் என்று யோசித்தால் இரண்டே இடம். வாளியில் மற்றத் துணியோடு போடும்போது; மழையில் நனைந்த பை வெள்ளை வேட்டியிலோ வெளிர்நிறச் சுடிதாரிலோ உரசும்போது. முதலாவதைத் துவைக்கும் வரியில் "தனியாக" என்ற ஒரு சொல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதை யாரும் தாமாக எதிர்பார்க்க மாட்டார்கள், அதனால் அதற்கு முழு வரி கொடுத்தேன்.

துவைக்கும் வரியில் முதலில் நான்கு "வேண்டாம்" இருந்தது. மெஷின் வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், முறுக்க வேண்டாம். செய்ய வேண்டியதைச் சொன்னால் வேண்டாததில் பாதி மறைகிறது. பச்சைத் தண்ணீர் என்றால் சுடுதண்ணீர் இல்லை, கையால் என்றால் மெஷின் இல்லை, நிழலில் என்றால் வெயில் இல்லை. மிஞ்சியது முறுக்குவது மட்டும். கையால் துவைக்கிறவர்கள் கடைசியில் பழக்கத்தில் முறுக்கிப் பிழிவார்கள். ஜமக்காளத்தை முறுக்கினால் ஊடை இடம்மாறிப் பட்டை கோணலாகும், ஜிப் வளையும். அந்த ஒரு "வேண்டாம்" நின்றது.

படம் எடுக்கும்போது பையின் நடு உயரத்துக்குக் கேமராவை இறக்கி, காலை நிழல் வெளிச்சத்தில் எடுத்தேன். மேலேயிருந்து எடுத்தால் வாய் பெரிதாகவும் அடி சிறிதாகவும் விழுந்து, எழுதிய அளவோடு ஒத்துப்போகாது. சில போனில் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிகிறது; அதனால் நிறத்தின் பெயரைத் தலைப்பு வரியிலேயே சேர்த்தேன். போன் திரையில் அளவு பாதியில் ஒடிந்து "செ.மீ." மட்டும் அடுத்த வரியில் போய் நின்றது. அதைத் தவிர்க்கக் கைப்பிடியைத் தனி வரிக்கு இறக்கினேன், ஃபைல் வரியோடு சேர்த்து. பெருக்கல் குறிக்கு ஆங்கில எழுத்தைப் போடாமல் × போட்டால் எண்கள் பிரிந்து தெளிவாகத் தெரிகின்றன.

இப்போது படத்தின் கீழே இருப்பது இது:

பவானி ஜமக்காளத் தோள்பை: சிவப்பு, கருநீலம், மஞ்சள்
வாய் அகலம் 38, உயரம் 35, அடி 28 × 10 செ.மீ.
கைப்பிடி இறக்கம் 26 செ.மீ. ஏ4 ஃபைல் நிற்கும், 15.6 அங்குல லேப்டாப் போகாது.
வெளியே கைத்தறிப் பருத்தி, உள்ளே காடா. மெஷின் தையல்.
பச்சைத் தண்ணீரில் தனியாகக் கையால் அலசி, நிழலில் காயவிடவும். முறுக்க வேண்டாம்.
நனைந்திருக்கும்போது வெள்ளைத் துணியில் படாமல் வைக்கவும்.

பட்டை வரிசை பைக்குப் பை மாறும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஒரே ஜமக்காளத்தில் வெட்டினாலும் ஒரு பையில் சிவப்பு நடுவில் வரும், இன்னொன்றில் ஓரத்தில். அதைத் தவிர்த்து, ஒவ்வொரு பையையும் தனியாகப் படம் எடுத்து அதே பையை அனுப்புகிறேன். வேலை கூடுதல், வரி மிச்சம்.

படத்தின் கீழே இருக்கும் குறிப்பு பையோடு கூடப் போவதில்லை. பரிசாகக் கொடுத்தால் அதைப் பெற்றவர் குறிப்பைப் பார்த்தே இருக்க மாட்டார். அதனால் ஐந்தாவது வரியின் சாரத்தை மட்டும் 2 செ.மீ. அகலப் பருத்தி நாடாவில் துணிப் பேனாவால் எழுதி, பக்கத் தையலுக்குள் வைத்துத் தைக்கிறேன்: "பச்சைத் தண்ணீர். தனியாக. முறுக்காதீர்." நாடாச் சுருள் 80 ரூபாய், பேனா 60 ரூபாய், ஒரு சுருள் பல பைகளுக்கு வருகிறது. பால்பாயின்ட் பேனாவில் எழுதியதை இரண்டு முறை அலசியதும் படிக்க முடியவில்லை. துணிப் பேனாவில் எழுதி, காய்ந்ததும் மேலே ஒரு துணி வைத்து இஸ்திரி போட்டால் நிற்கிறது.

அடுத்த சுற்றில் ஜிப்பின் இரு முனையிலும் துண்டுத் துணி வைத்து நீட்டி, திறப்பை 33-லிருந்து 37-க்குக் கொண்டுபோகப் போகிறேன். அடியை 28-லிருந்து மாற்றாமல் உயரத்தை 38 ஆக்கினால் லேப்டாப் நெட்டு வாட்டில் நின்று ஜிப்பும் மூட வேண்டும். வைத்து மூடிப் பார்த்த பிறகுதான் மூன்றாவது வரியைத் திருத்துவேன். தறிக்கார அண்ணன் பச்சையில் பூக்கரை வைத்த துணி ஒன்றும் எடுத்துவைத்திருக்கிறார். அதில் ஆர்ட் சில்க் இருப்பதால் நான்காவது வரி மாறும். ரேயான் நனைந்தால் வலு குறையும் இழை என்பதால், ஒரு துண்டை ஊறவைத்து, தேய்த்து, அளந்த பிறகே ஐந்தாவது வரியை எழுத முடியும்.